'30 நாள் டைம் கொடுங்க அண்ணாச்சி': புதுக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கடன் கேட்பது எப்படி?

மதுரை புறநகரில் நான்கு மாதங்களுக்கு முன் திறந்த ஒரு மளிகைக் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கீழமாசி வீதியில் உள்ள ஒரு மொத்தக் கடையிலிருந்து வாரம் ஒருமுறை பருப்பு, எண்ணெய், சர்க்கரை வருகிறது. ஒவ்வொரு பில்லும் சுமார் 20,000 ரூபாய். இதுவரை எல்லாமே ரொக்கம். இப்போது கடைக்காரர் கேட்கிறார்: "அண்ணாச்சி, இனிமே 30 நாள் டைம் கொடுங்க."

கேட்பவருக்கு இது வெறும் நாள் கணக்கு. கொடுப்பவருக்கு இது பணக் கணக்கு.

30 நாள் என்றால் எவ்வளவு?

1-ம் தேதி எடுத்த சரக்குக்கு 31-ம் தேதிதான் பணம் வரும். அதற்குள் 8, 15, 22, 29 ஆகிய தேதிகளிலும் சரக்கு போய்விடும். ஆக, முதல் பில்லுக்குப் பணம் வரும் முன்பே ஐந்து பில்கள், அதாவது ஒரு லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். கடைக்காரர் மனதில் இருந்தது 20,000 ரூபாய்க் கடன். அண்ணாச்சி காதில் விழுந்தது ஒரு லட்சம்.

மொத்த வியாபாரிக்கு இந்தச் சரக்கில் 3 சதவீதம் லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லட்சம் வராமல் போனால், அதை ஈடுகட்ட அவர் 33 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும். அவர் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

நான்காவது வாரம் வரும் சண்டை

பல நேரம் அவர் மறுக்க மாட்டார். "30 நாள் எடுத்துக்கோங்க, ஆனா 60,000-க்கு மேல போகக் கூடாது" என்பார். கடைக்காரரும் சந்தோஷமாகத் தலையாட்டிவிடுவார். மூன்று வாரத்தில் மூன்று பில், 60,000 ரூபாய் ஆகிவிடும். 22-ம் தேதி வண்டி வராது. கேட்டால், "பழைய பாக்கியைக் கட்டுங்க" என்று பதில் வரும். "30 நாள் இன்னும் முடியலையே!" என்று இவர் கோபப்படுவார். இருவர் சொல்வதும் சரிதான். நாளும் வரம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

எனவே கடிதம் எழுதும் முன் வாரக் கொள்முதலை வைத்துக் கணக்குப் போட வேண்டும். இந்தக் கடைக்கு 60,000 ரூபாய் வரம்பு என்றால், அது உண்மையில் 21 நாள் கடன். 30 நாள்தான் வேண்டுமென்றால் ஒரு லட்சம் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். புதுக் கடைக்கு 60,000-ல் தொடங்கி, ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகு வரம்பை உயர்த்தக் கேட்பது எளிது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு பக்கம் போதும். கடை திறந்த தேதி, முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், ஜிஎஸ்டி எண் இருந்தால் அதுவும். முக்கியமாக, இதே கடையில் கடந்த மூன்று மாதம் ரொக்கம் கொடுத்து வாங்கிய தொகை. புதுக் கடைக்கு இதைவிட நல்ல சிபாரிசு கிடையாது. கேட்கும் வரம்பு, எத்தனை நாள், அந்த நாள் பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்தா என்பதையும் எழுதிவிட வேண்டும்.

செக் கேட்டால்?

உத்தரவாதமாகக் கையெழுத்திட்ட வெற்றுச் செக் கேட்பது வழக்கம். 'தொகையை அவராகத்தானே எழுதினார்' என்று பிறகு சொல்லித் தப்ப முடியாது. தானாக விரும்பிக் கொடுத்த வெற்றுச் செக்கும் கடனுக்காகக் கொடுத்ததாகவே கருதப்படும், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவருக்கு என 2019-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் இரண்டாண்டு வரை சிறையோ, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ விதிக்கப்படலாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வரம்புத் தொகையை எழுதிக் கொடுத்து, செக் எண்ணைக் கடிதத்தில் குறித்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

கடன் இலவசமா?

உடனே கட்டினால் 1 சதவீதம் தள்ளுபடி தரும் கடை என்றால், 20,000 ரூபாய் பில்லில் 200 ரூபாய் மிச்சம். 30 நாள் கடன் எடுத்தால் அது போய்விடும். வருடக் கணக்கில் பார்த்தால் இது சுமார் 12 சதவீத வட்டி.

இன்னொரு ஆபத்து கல்லாவில் இருக்கிறது. சர்க்கரையும் எண்ணெயும் பத்து நாளில் விற்றுவிடும். மீதி 20 நாள் அந்தப் பணம் கடைக்காரர் கையில். அது வாடகைக்கோ புது ஃபிரிட்ஜுக்கோ போய்விட்டால், 31-ம் தேதி சரக்கும் இருக்காது, பணமும் இருக்காது. அண்ணாச்சிக்குச் சேர வேண்டியதை விற்ற அன்றே தனிக் கணக்கில் போட்டு வைப்பவருக்குத்தான் 30 நாள் கடன் உதவும்.