சாட்ஜிபிடி தந்த பத்திக்கு மேற்கோள் குறிப்பு

மேற்கோள் குறிப்பு எழுதுவதன் நோக்கம், கட்டுரையாளர் பார்த்ததையே வாசகரும் தேடிப் பார்க்க வழிசெய்வதுதான். நூல் என்றால் பதிப்பும் பக்க எண்ணும் போதும். சாட்ஜிபிடி போன்ற கருவியின் பதிலுக்கு அப்படி நிலையான இடம் இல்லை. ஒரே கேள்வியை மறுநாள் கேட்டால் வேறு சொற்களில், சில வேளை வேறு கருத்தோடு பதில் வரும். ஒருவருடைய கணக்கில் நடந்த உரையாடல் இன்னொருவருக்குத் திறக்காது. கல்லூரிகளில் அதிகம் வழங்கும் ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ என்ற மூன்று நடைகளும் இந்தச் சிக்கலை மூன்று விதமாக அணுகியிருக்கின்றன.

இளங்கலைப் புவியியல் மாணவி ஒருவர் 2025 மார்ச் 10 அன்று, வடகிழக்குப் பருவமழைக்குக் காரணம் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டு, கிடைத்த பதிலிலிருந்து இரண்டு வரிகளைக் கட்டுரையில் எடுத்தாளுகிறார் என்று கொள்வோம். பாடத்தின் விதி அதை அனுமதிக்கிறது.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடை, 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கருவியை ஒரு மென்பொருளாகவே கருதியது. மென்பொருளுக்குப் பொறுப்பு அதை உருவாக்கிய நிறுவனம். ஆகவே ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் நிறுவனத்தின் பெயர் வருகிறது:

```
OpenAI. (2025). ChatGPT (GPT-4o) [Large language model]. https://chatgpt.com/
```

கட்டுரைக்குள் (OpenAI, 2025) என்று குறித்தால் போதும். ஆனால் இந்தப் பதிவு வாசகரைக் கருவியின் வாசலில் கொண்டுபோய் விடுகிறதே தவிர, மாணவி பார்த்த பதிலைக் காட்டுவதில்லை. அதனால்தான் கேட்ட கேள்வியைக் கட்டுரையிலேயே சொல்லவும், நீண்ட பதிலை முழுமையாகப் பின்னிணைப்பில் சேர்க்கவும் அந்த வழிகாட்டுதல் வழிசொன்னது. மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பின்னிணைப்பைத்தான். அது இல்லாவிட்டால் மேலே உள்ள வரிக்குப் பெரிய பயன் இல்லை.

இலக்கியத் துறைகளில் வழங்கும் எம்எல்ஏ நடை, கருவியை ஆசிரியராகக் கொள்ள வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆசிரியர் இடம் காலியாக விடப்படுகிறது; கேட்ட கேள்வியே தலைப்பாகிறது:

```
"What causes the northeast monsoon" prompt. ChatGPT, model GPT-4o, OpenAI, 10 Mar. 2025, chatgpt.com/share/...
```

கட்டுரைக்குள் அந்தத் தலைப்பின் முதற்சொற்கள் மட்டும் அடைப்புக்குறிக்குள் வரும். என்ன கேட்கப்பட்டது, எந்த நாளில், எந்த மாதிரியிடம் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடுவதால், திருத்தும் ஆசிரியருக்கு மூன்றில் இதுவே அதிகம் உதவுகிறது. கடைசியில் இருப்பது பகிர்வு இணைப்பு. பகிரும் கணம் வரை நடந்த உரையாடலை மட்டுமே அது காட்டும். மாணவி அதை நீக்கிவிட்டால் வாசகருக்கு எதுவும் திறக்காது. பதிலின் நகல் ஒன்றைத் தனியே சேமித்து வைப்பதே பாதுகாப்பு.

வரலாற்றுத் துறையினர் பயன்படுத்தும் சிகாகோ நடை, இதை ஒருவருக்கு வந்த தனிக் கடிதத்தைப் போல நடத்துகிறது. அடிக்குறிப்பில் சொன்னால் போதும். மற்றவரும் திறக்கக்கூடிய இணைப்பு இல்லாதபோது நூற்பட்டியலில் சேர்ப்பதில்லை:

```
1. Text generated by ChatGPT, OpenAI, March 10, 2025.
```

கேள்வி கட்டுரையில் இடம்பெறவில்லை என்றால் அதையும் இந்தக் குறிப்பில் எழுதலாம். பதிலின் சொற்களை மாணவி மாற்றியிருந்தால் அதைக் கட்டுரையிலோ குறிப்பிலோ சொல்லியாக வேண்டும்.

வடிவம் சரியாக இருந்தும் கட்டுரை கெடுவது வேறோர் இடத்தில். கருவி தன் பதிலுக்குச் சான்றாக இரண்டு ஆய்வுக் கட்டுரைகளின் பெயரைத் தருகிறது. மாணவி அவற்றை அப்படியே பட்டியலில் சேர்த்தால், படிக்காததைப் படித்ததாகச் சொன்னதாகும். அவை இல்லாத கட்டுரைகளாகவும் இருக்கலாம். ஆய்விதழ் உண்மையானது, ஆசிரியர் பெயரும் உண்மையானது, ஆனால் சொன்ன தொகுதியில் சொன்ன பக்கத்தில் வேறு கட்டுரை இருக்கும். டிஓஐ எண்ணைத் தட்டினால் ஒன்றும் திறக்காது, அல்லது தொடர்பில்லாத ஒன்று திறக்கும். தேடிக் கிடைத்து, படித்தும் பார்த்தால் மூலக் கட்டுரையையே மேற்கோள் காட்டலாம். கிடைக்காவிட்டால் அந்தச் சான்றையும் அதை நம்பி எழுதிய வரியையும் நீக்கிவிட வேண்டும்.

பதிலிலிருந்து ஒரு சொல்லும் எடுக்காமல், எழுதியதன் இலக்கணத்தைத் திருத்தவோ மொழிபெயர்க்கவோ மட்டும் கருவியைப் பயன்படுத்துவதும் உண்டு. அப்போது பட்டியலில் பதிவு தேவைப்படாது. எந்தக் கருவி, எந்த வேலைக்கு, எந்தப் பகுதியில் என்று ஒரு குறிப்பில் சொல்லச் சொல்கிறது எம்எல்ஏ. கட்டமைப்புக்கு மட்டும் அனுமதி தந்த பாடத்தில் முழுப் பத்தியை எடுத்தாண்டுவிட்டு, அதற்குச் சரியான மேற்கோள் குறிப்பு எழுதினாலும் அது விதிமீறல்தான். குறிப்பு, பயன்பாட்டை வெளிப்படுத்தும், அனுமதியைத் தராது. நடையின் விதியும் ஆசிரியர் பாடத்திட்டத்தில் எழுதிய விதியும் வேறுபட்டால், அந்தக் கட்டுரைக்கு ஆசிரியர் சொன்னதே செல்லும்.