ஓர் இயலுக்கு ஒரு பக்கம்

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காக இயல்களைச் சுருக்கும் பலர், செய்ததை மட்டுமே எழுதுகிறார்கள். செய்யாமல் விட்டதையும் எழுத வேண்டும். தேர்வாளரின் கேள்வி அங்கேதான் முளைக்கும்.

ஒரு வட்டாரக் கிணற்று நீரில் நைட்ரேட் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் இயலின் சுருக்கம் இது: ‘மே மாதத்தில் 40 கிணறுகளில் நீர் எடுத்தேன். 14 கிணறுகளில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற இந்தியத் தர வரம்பு தாண்டியிருந்தது. காரணம் உரம்.’

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள். ஏன் மே மட்டும்? மழைக்குப் பின் அளவு மாறாதா? அடுத்தது, 45 என்பது நைட்ரேட் கணக்கா, நைட்ரஜன் கணக்கா? நைட்ரஜனாகச் சொன்னால் அதே வரம்பு ஏறத்தாழ 10தான். ஆய்வகம் எந்தக் கணக்கில் கொடுத்தது என்று பார்க்காமல் போனால் இயலே சரிந்துவிடும்.

மூன்றாவதுதான் கடினம். கழிவுநீர் இல்லை, உரம்தான் என்று எப்படித் தெரியும்? நைட்ரேட்டோடு குளோரைடும் உயர்ந்திருந்தால் சந்தேகம் கழிவுநீர் பக்கம் திரும்பும். நைட்ரஜன் ஐசோடோப் சோதனை செய்யாதவர் ‘காரணம் உரம்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. ‘வயலை ஒட்டிய கிணறுகளில் அளவு கூடுதல், உரம் காரணமாகலாம்’ என்று சுருக்கத்திலேயே திருத்தி, அட்டவணையின் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளலாம்.

ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களின் அறிக்கை முன்பே கைக்கு வந்திருந்தால், அதிலுள்ள கேள்விகளை அந்தந்த இயலின் பக்கத்தில் முதலில் எழுதுங்கள். ஊகித்தவை அதற்குக் கீழே வரட்டும்.