வீடியோ அழைப்பில் பான் கார்டைக் காட்டும் முன்

வீட்டிலிருந்தே வங்கிக் கணக்கு தொடங்குபவர்கள் ஆதார், ஓடிபி, முகவரி, நாமினி எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பிவிடுகிறார்கள். கடைசியில் வரும் வீடியோ கேஒய்சியில்தான் தயங்கி நிற்கிறார்கள். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அதைத் தள்ளிப்போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆதார் ஓடிபியை மட்டும் வைத்துத் தொடங்கிய கணக்கில் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. ஒரு நிதியாண்டில் 2 லட்சத்துக்கு மேல் வரவும் கூடாது. ஓராண்டுக்குள் முழுச் சரிபார்ப்பு முடியாவிட்டால் அந்தக் கணக்கு நீடிக்காது.

நேரில் கிளைக்குப் போவதற்கு ஈடாக இந்த வீடியோ சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்தது. மறுமுனையில் இருப்பவர் இதற்கென்றே பயிற்சி பெற்ற வங்கி அலுவலர். திரையில் தெரிபவர் உயிரோடு, இந்த நேரத்தில், இந்தியாவுக்குள், சொந்த விருப்பத்தோடு பேசுகிறாரா என்பதை அவர் உறுதிசெய்ய வேண்டும். அவர் சொல்வது, கேட்பது எல்லாமே இதற்காகத்தான்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் இது எளிதாகப் புரியும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அவர் அழைப்பைத் தொடங்கினார். பின்னாலிருந்து வெயில் அடித்தால் செல்போன் கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும், முகம் இருண்டுபோகும். ஆதார், பான் இரண்டிலும் உள்ள படத்தோடு முகத்தை ஒப்பிட வேண்டிய அலுவலருக்கு அது போதாது. “ஜன்னலைப் பார்த்தமாதிரி திரும்பி உட்காருங்க மேடம்” என்றார். திரும்பியதும் முகம் தெளிந்தது.

அடுத்து பான் கார்டு. பளபளப்பான அட்டையில் டியூப்லைட் பட்டு, எண் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. அட்டையைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகச் சாய்த்ததும் அது விலகியது. விரல் எழுத்துகளை மறைக்காதபடி ஓரத்தைப் பிடிக்க வேண்டும். கேமராவுக்கு மிக அருகில் கொண்டுபோனால் எழுத்து மங்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் தெளியும். அக்காவிடம் அசல் அட்டை இருந்ததால் பிரச்சினை இல்லை. நெட் சென்டரில் இ-பான் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து வைத்திருப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். விதிப்படி அந்தப் பிரிண்ட் செல்லாது. அசல் அட்டையைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இ-பானை மின்கோப்பாகவே தர வேண்டும். பல வங்கிகளில் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் காட்டவும் சொல்வார்கள். தாளும் பேனாவும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பிறகு கேள்விகள். பிறந்த தேதி, அம்மா பெயர், தொழில் எல்லாம் கேட்டார். இடையில் திரையில் தெரிந்த எண்ணை வாசிக்கச் சொன்னார், தலையைத் திருப்பச் சொன்னார். பழைய வீடியோவை ஓடவிட்டு யாரும் ஏமாற்றக்கூடாது என்பதால் கேள்விகளையும் அவற்றின் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றியே கேட்பார்கள். “வருஷத்துக்கு வருமானம் எவ்வளவு வரும்?” என்றதும் அக்கா ஒரு நொடி யோசித்தார். பக்கத்தில் நின்ற மகன், “ரெண்டு லட்சம்னு சொல்லும்மா” என்றான். அலுவலர் அதோடு நிறுத்திவிட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

மகன் உதவிதான் செய்தான். ஆனால், ஏழைப் பெண்களின் பெயரில் கணக்கு தொடங்கி அதை மோசடிப் பணத்துக்குப் பயன்படுத்தும் கும்பல்களும் இப்படித்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டையும் திரையில் பிரித்தறிய வழியில்லை. அதனால், யாராவது எடுத்துக்கொடுப்பது தெரிந்தால் நிராகரிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அது சரியான விதி என்றே நினைக்கிறேன். போனை இணைத்துக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுவதுதான் பிள்ளைகள் செய்ய வேண்டியது. யோசித்துப் பதில் சொல்வதில் தவறே இல்லை.

ஒரு குறை நீண்ட நாள் இருந்தது. கண் சிமிட்டினால்தான் உயிருள்ள ஆள் என்று ஏற்கும் முறையில், ஆசிட் வீச்சில் கண்ணிமை இழந்தவர்கள் தோற்றுப்போனார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, சிமிட்டலுக்கு மாற்று வழி தர வேண்டும் என்று உத்தரவிட்டது. முடியாததைச் செய்யச் சொன்னால் மாற்று வழி கேட்பது உங்கள் உரிமை.

இருப்பிட அனுமதியை ‘ஆன்’ செய்து, விபிஎன்னை அணைத்துவிடுங்கள். வெளிநாட்டு இணைப்பிலிருந்து வரும் அழைப்பை ஏற்கக்கூடாது என்பதால், துபாயில் இருந்தபடி இதை முடிக்க இயலாது. நடுவில் அழைப்பு துண்டித்துப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் கணக்கு உடனே இயங்காது. பதிவை வங்கியில் இன்னொரு தணிக்கை பார்த்த பிறகே திறக்கும்.

இந்த அழைப்பு வங்கியின் சொந்தச் செயலி அல்லது இணையதளத்திலிருந்துதான் வரும். வாட்ஸ்அப் வீடியோவில் ‘கேஒய்சி முடிக்கிறேன்’ என்று யாராவது அழைத்தாலோ, டெபிட் கார்டு பின் எண்ணையோ ஓடிபியையோ வாய்விட்டுச் சொல்லச் சொன்னாலோ உடனே துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.