உள்காதில் ஒரு கசிவு

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்க இறங்கும் ஒருவருக்கு மூக்கடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அதைச் சமாளிக்க நடுக்காதுக்குள் காற்று போக வேண்டும். அது போகும் குழலைச் சளி அடைத்திருக்கிறது. காது வலிக்கிறது. மேலேறாமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு ஊதுகிறார். ‘டப்’பென்று ஒரு சத்தம். படகேறிய பிறகும் தலைசுற்றல் நிற்கவில்லை; ஒரு காது மந்தமாகி, உள்ளே ஓயாத இரைச்சல்.

நடந்தது என்ன? நடுக்காதுக்கும் உள்காதுக்கும் நடுவே இரண்டு சிறு ஜன்னல்கள் உள்ளன. ஒன்றில் அங்கவடி எலும்பு பொருந்தியிருக்கிறது. மற்றொன்றை மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. உள்ளே இருக்கும் திரவம் மொத்தமே சில துளிகள்தான். கேட்பதும் நிலை தடுமாறாமல் நிற்பதும் அந்தத் துளிகளை நம்பியே இருக்கின்றன. முக்கும்போது தலைக்குள் ஏறும் அழுத்தம் சவ்வை வெளிப்புறமாகக் கிழிக்கலாம். அடைத்த குழல் சட்டென்று திறந்து பாயும் காற்று உட்புறமாகவும் கிழிக்கலாம். திரவம் கசியத் தொடங்குகிறது.

கடலுக்குப் போகாதவர்களுக்கும் இது வரும். கனமான மூட்டையைத் தூக்கியவர், மலச்சிக்கலில் முக்கியவர், வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் என்று பலருக்கு நேர்ந்திருக்கிறது. தும்மினாலோ குனிந்தாலோ சுற்றல் கூடினால் சந்தேகம் வலுக்கிறது.

வருத்தம் என்னவென்றால், பலர் இதைக் காதழுக்கு என்று நினைத்து எண்ணெய் விடுகிறார்கள். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பார்த்தால் ஓரளவு புலப்படும். அழுக்கடைப்பு என்றால் ஒலி அடைத்த காதில் பலமாகக் கேட்கும். உள்காதுப் பாதிப்பு என்றால் நல்ல காதில் கேட்கும். மருத்துவர் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். இது ஒரு குறிப்பு மட்டுமே, முடிவு அல்ல.

கசிவை உறுதியாகக் காட்டும் எளிய சோதனை இல்லை. செவித்திறன் சோதனையும் சிடி ஸ்கேனும் உதவும். ஸ்கேனில் உள்காதுக்குள் காற்றுக்குமிழி தெரிந்தால் அது வலுவான தடயம். ஆழத்தில் நெடுநேரம் இருந்து மேலே வந்தபின் சுற்றல் தொடங்கியிருந்தால், ரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டானதாலும் இருக்கலாம். அதற்கு அழுத்த அறைச் சிகிச்சை வேண்டும். அதனால், எப்போது தொடங்கியது என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஓய்வுதான் வைத்தியம்: தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், முக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. மலம் இளக மருந்தும், பெரும்பாலும் ஸ்டீராய்டும் தருவார்கள். குணமாகாவிட்டால் செவிப்பறையை விலக்கி, நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த சிறு திசுவால் ஜன்னலை அடைப்பார்கள். அதன்பின் தலைசுற்றல் பெரும்பாலும் அடங்கும். போன செவித்திறன் திரும்புவது அந்த அளவுக்கு நிச்சயமில்லை.

முக்கியபின், முங்கியபின், அடிபட்டபின் திடீரென்று ஒரு காது மந்தமாகித் தலையும் சுற்றினால், காதில் எதையும் விடாமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.