அப்பா நிலத்தை விற்றார், படித்தது யார்?

கல்விக் கடன் கேட்டு வங்கி மேலாளருக்கு ஒரு மாணவி ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வரி: ‘மை ஃபாதர் சோல்ட் ஹிஸ் லேண்ட் டு ஸ்டடி இன் காலேஜ்.’ அவள் சொல்ல நினைத்தது, ‘நான் கல்லூரியில் படிக்க அப்பா நிலத்தை விற்றார்’ என்பது. ஆனால் அந்த வரியின்படி, கல்லூரிக்குப் போவதற்காக நிலத்தை விற்றவரும் அப்பாதான், படிக்கப் போகிறவரும் அப்பாதான். எழுத்துப் பிழை இல்லை, சொற்களும் சரியானவையே. தவறு ‘டு’ என்ற ஒரே இடத்தில் இருக்கிறது.

நோக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘டு’ வரும்போது, அதை அடுத்து வரும் வினையைச் செய்பவர் வாக்கியத்தின் எழுவாயாகவே இருக்க வேண்டும். ‘ஐ வென்ட் டு த பாங்க் டு ஓப்பன் அன் அக்கவுன்ட்’ என்றால் போனதும் நான், கணக்குத் தொடங்குவதும் நான். இங்கே ‘டு’ போதும். ‘ஃபார் ஓப்பன்’ என்றோ ‘ஃபார் ஓப்பனிங்’ என்றோ நீட்டத் தேவையில்லை. நம்மவர் பேச்சில் அதிகம் விழும் பிழைகளில் இதுவும் ஒன்று. ‘ஃபார்’ போட வேண்டுமானால் பின்னால் பெயர்ச்சொல் வரட்டும்: ‘ஐ வென்ட் ஃபார் எ லோன்.’

விற்பவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர் என்று ஆள் மாறினால் ‘டு’ மட்டும் தாங்காது. அப்போது ‘ஸோ தட்’ போட்டு, செய்பவரின் பெயரையும் சொல்லியாக வேண்டும். ‘மை ஃபாதர் சோல்ட் ஹிஸ் லேண்ட் ஸோ தட் ஐ குட் ஸ்டடி இன் காலேஜ்.’ இப்போது படிக்கிறவள் மகள்.

இந்த இடத்தில் நாம் தடுமாறுவதற்குக் காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. ‘படிக்க’, ‘தூங்க’, ‘பார்க்க’ என்பவை செய என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள். ‘நான் தூங்க விளக்கை அணைத்தேன்’ என்றும் சொல்லலாம், ‘குழந்தை தூங்க விளக்கை அணைத்தேன்’ என்றும் சொல்லலாம். செய்பவர் மாறினாலும் எச்சம் மாறுவதில்லை. ஆனால் தமிழ் முழுக்க இப்படியே இல்லை. வான், பான், பாக்கு என்ற பழைய ஈறுகளும் நோக்கத்தைச் சொல்பவைதான். ‘கற்பான் வந்தான்’ என்றால் கற்பதற்காக வந்தான் என்று பொருள். இந்த மூன்றும் தம் வினைமுதலையே கொள்ளும், செய என்பதோ பிற வினைமுதலையும் ஏற்கும் என்று பவணந்தியார் நன்னூலில் பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஆங்கில ‘டு’ நம் ‘பான்’ போன்றது, வருகிறவனே கற்க வேண்டும். பள்ளியில் வினையெச்சத்தையும் ஆங்கில இலக்கணத்தையும் தனித்தனி அறையில் வைத்து நடத்தாமல் இந்த ஒரு ஒற்றுமையைக் காட்டினால், பிள்ளைகளுக்குப் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆள் மாறும்போது ‘ஃபார்’ கொண்டும் சமாளிக்கலாம்: ‘ஐ ஸ்விட்ச்ட் ஆஃப் த லைட் ஃபார் த சைல்ட் டு ஸ்லீப்.’ இதுவும் சரியான ஆங்கிலமே. ஆனால் வாக்கியம் நீளும்போது ‘ஸோ தட்’ தெளிவாக நிற்கும்.

அடுத்தது காலம். ‘ஸோ தட்’டுக்குப் பின்னால் எந்த வினை வர வேண்டும் என்பதை முன்னால் நிற்கும் வினை தீர்மானிக்கிறது. முன்னால் நிகழ்காலமோ எதிர்காலமோ வேண்டுகோளோ இருந்தால் பின்னால் ‘கேன்’ அல்லது ‘வில்’. மாணவியின் கடிதத்தில் அடுத்த வரி இப்படி வரலாம்: ‘ப்ளீஸ் ரிலீஸ் த மனி பிஃபோர் ஜூன் 10 ஸோ தட் ஐ கேன் பே த ஃபீஸ்.’ மரியாதையாக இருக்கட்டும் என்று இந்த இடத்தில் ‘குட்’ போடுகிறவர்கள் உண்டு. மரியாதை ‘ப்ளீஸ்’ஸிலேயே வந்துவிட்டது, இங்கே ‘கேன்’தான் பொருந்தும். வரப்போவதைச் சொல்ல வெறும் நிகழ்காலமும் வரலாம்: ‘சென்ட் இட் டுடே ஸோ தட் ஷி கெட்ஸ் இட் டுமாரோ.’ நாளைக்குக் கிடைக்கும் என்பதற்காக ‘வில்’ கட்டாயமில்லை.

முன்னால் இறந்தகாலம் இருந்தால் பின்னால் ‘குட்’ அல்லது ‘வுட்’. ‘ஐ கேம் எர்லி ஸோ தட் ஐ குட் மீட் த மேனேஜர்.’ சீக்கிரம் வந்ததும் நேற்று, சந்திக்க நினைத்ததும் நேற்று. இதற்கு ஒரு விலக்கு உண்டு. செய்தது நேற்றாக இருந்தாலும், அதன் பயன் இன்னும் முன்னால் இருந்தால் ‘கேன்’ போடுவதில் தவறில்லை. ‘ஐ லெஃப்ட் த கீ வித் த வாட்ச்மேன் ஸோ தட் யூ கேன் கோ இன்.’ சாவியைக் கொடுத்தாயிற்று, நீங்கள் இன்னும் உள்ளே போகவில்லை. அந்த மாணவி இன்னும் படித்துக்கொண்டிருந்தால், அப்பாவைப் பற்றிய வரியிலும் ‘கேன்’ வரலாம்.

ஆனால் இறந்தகாலத்தில் ‘குட்’டை விட்டுவிட்டு வெறும் இறந்தகால வினையைப் போட்டால் பொருளே திரும்பிவிடும். ‘ஹி ஸ்போக் லவுட்லி ஸோ தட் எவ்ரிஒன் குட் ஹியர்’ என்றால், எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று எண்ணி உரக்கப் பேசினார். கேட்டதா இல்லையா என்று வாக்கியம் சொல்லவில்லை. கடைசி வரிசைக்குக் கேட்காமலும் போயிருக்கலாம். ‘ஸோ தட் எவ்ரிஒன் ஹெர்ட்’ என்றால், உரக்கப் பேசினார், அதனால் எல்லோருக்கும் கேட்டது. முதலாவது நோக்கம், இரண்டாவது விளைவு. விளைவைச் சொல்லும்போது ‘ஸோ’வுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி வைப்பது வழக்கம், நோக்கத்துக்குப் பெரும்பாலும் வைப்பதில்லை. தமிழில் ‘எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் அடக்கிவிடுவோம். ஆங்கிலத்தில் அந்தச் சிறு ‘குட்’டின் பொறுப்பு அது.

‘இன் ஆர்டர் தட்’ என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் விறைப்பான நடையில். சட்ட ஆவணங்களிலும் அலுவலக அறிக்கைகளிலும் பார்க்கலாம். அதோடு ‘மே’, இறந்தகாலத்தில் ‘மைட்’ சேர்ந்து வருவதுண்டு. கடைத்தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பேச்சில் ‘தட்’ கூட உதிர்ந்து ‘ஸோ’ மட்டும் நிற்கும்: ‘ஓப்பன் த விண்டோ ஸோ வி கேன் கெட் ஸம் ஏர்.’ பெயர் ஒத்திருக்கிறதே என்று ‘இன் ஆர்டர் டு’வை இதனோடு சேர்த்துவிடக் கூடாது. அது ‘டு’வின் நீண்ட வடிவம், அதனால் ‘டு’வுக்குள்ள கட்டுப்பாடு அதற்கும் உண்டு. செய்பவர் அதே ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

‘செய்யாமல் இருக்க’ என்று மறுத்துச் சொல்லும்போது மட்டும், ஆள் மாறாவிட்டாலும் வெறும் ‘நாட் டு’ பெரும்பாலும் போதாது. இடம் பறிபோகாமல் இருக்க முன்பணம் கட்டினேன் என்பதை ‘ஐ பெய்ட் த அட்வான்ஸ் நாட் டு லூஸ் மை சீட்’ என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். ‘ஸோ அஸ் நாட் டு லூஸ்’ அல்லது ‘இன் ஆர்டர் நாட் டு லூஸ்’ என்று எழுத வேண்டும். ‘ஸோ தட் ஐ வுட்ன்ட் லூஸ் மை சீட்’ என்பதும் சரி. ‘பி கேர்ஃபுல் நாட் டு ஃபால்’ என்பது இந்தக் கணக்கில் வராது. அங்கே ‘நாட் டு’ நோக்கத்தைச் சொல்லவில்லை, எதில் கவனம் வேண்டும் என்பதைச் சொல்கிறது.

அந்த மாணவியின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்கக்கூடும்: ‘ஐ ஹாவ் கிவன் மை ஃபாதர்ஸ் நம்பர் டு கால் மீ.’ எண்ணைக் கொடுத்தவள் அவள், அழைக்க வேண்டியவர் மேலாளர். ஆள் மாறுகிறது, முன்னால் நிற்கும் ‘ஹாவ் கிவன்’ நிகழ்காலத்தோடு சேரும், அழைப்போ இனிமேல்தான் வர வேண்டும். ஆகவே: ‘ஐ ஹாவ் கிவன் மை ஃபாதர்ஸ் நம்பர் ஸோ தட் யூ கேன் கால் மீ.’