அரைப் பக்கத்தில் அலைகள்

அலைகள் பாடத்தைச் சுருக்கி எழுத மூன்று வரையறைகள் போதும். ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்பது அதிர்வெண். ஒரு நொடியில் அலை கடக்கும் தூரம் வேகம். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட தூரம் அலைநீளம். காற்றில் போகும் ஒலிக்கு முகடு கிடையாது. அங்கே ஒரு நெருக்கத்திலிருந்து அடுத்த நெருக்கம் வரை அளக்க வேண்டும்.

மூன்றையும் சேர்த்துக் கட்டுவது v = fλ. பலர் தடுமாறுவது இங்கேதான். அதிர்வெண்ணைக் கூட்டினால் வேகமும் கூடும் என்று எழுதிவிடுகிறார்கள். அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது ஒலி மூலம். வேகத்தைத் தீர்மானிப்பது ஊடகம். விட்டுக்கொடுப்பது அலைநீளம் மட்டுமே.

500 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டுங்கள். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். அலைநீளம் 340 ÷ 500, அதாவது 0.68 மீட்டர். அதே ஒலி தண்ணீருக்குள் போனால் வேகம் சுமார் 1480 மீட்டர், அலைநீளம் 2.96 மீட்டர். அதிர்வெண் அதே 500தான். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு நொடியில் 500 நெருக்கங்கள் வந்து சேர்ந்தால், அந்தப் பக்கமும் 500தானே கிளம்ப முடியும்?

இது புரிந்தால் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

| நிகழ்வு | வேகம் | அதிர்வெண் | அலைநீளம் |
|---|---|---|---|
| எதிரொலிப்பு | மாறாது | மாறாது | மாறாது |
| விலகல் | மாறும் | மாறாது | மாறும் |
| விளிம்பு வளைவு | மாறாது | மாறாது | மாறாது |

கடைசி வரிசையில் மாறுவது திசை மட்டும். இடைவெளியின் அகலம் அலைநீளத்தை ஒட்டி இருந்தால் அலை நன்றாக வளையும். கதவு மறைவில் நிற்பவரின் பேச்சு கேட்பதும், அவர் முகம் தெரியாததும் அதனால்தான்.