திங்கட்கிழமை ஒரகடத்தில் நேர்காணல்

திருநெல்வேலியில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒருவருக்கு, ஒரகடத்தில் உள்ள கார் உதிரிபாக ஆலையிலிருந்து திங்கட்கிழமை அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை, தர ஆய்வுப் பிரிவில். அடுத்த திங்கள் காலை ஒன்பது மணிக்கு நேர்காணல். பலரும் உடனே கேள்வி பதிலைத் தூக்கிக்கொண்டு உட்கார்வார்கள். அதைவிட முதலில் பார்க்க வேண்டியது சான்றிதழில் உள்ள பெயர். மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'கார்த்திக் சுப்பிரமணியன்' என்று இருப்பது நம் ஊரில் சகஜம். ஒரு வாரத்துக்குள் ஆதாரைத் திருத்திவிடலாம் என்று நம்பி இருக்க முடியாது. தந்தை பெயர் உள்ள டி.சி.யை எடுத்து வைத்துக்கொண்டு, இனிஷியலின் விரிவு இதுதான் என்று எச்.ஆருக்கு அன்றே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். வாசலில் நின்று விளக்கும் நிலை வராது.

அடுத்தது பயணம். சென்னை என்றதும் எழும்பூருக்கு டிக்கெட் எடுத்தால், வந்த வழியே திரும்பி வர வேண்டியிருக்கும். ஒரகடம் இருப்பது சிங்கபெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில். தெற்கிலிருந்து ரயிலில் வருபவர் செங்கல்பட்டிலேயே இறங்கிவிடலாம். ரயிலில் இடம் இல்லையென்றால் தட்கல் இருக்கிறது. ரயில் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் காலை, ஏ.சி.க்கு 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் முன்பதிவு திறக்கும். இணையத்தில் எடுக்க, ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கை ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். அதை அந்த நேரத்தில் செய்ய முயன்றால் டிக்கெட் போய்விடும். ஞாயிறு இரவு ரயிலை நம்பாதீர்கள். இரண்டு மணி நேரம் தாமதமானாலே நேர்காணல் கைவிட்டுப் போகும். ஞாயிறு மாலைக்குள் வந்து, பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்குவதே நல்லது.

இவை முடிந்தால் புதன் முதல் மனம் படிப்பில் நிற்கும். கம்பெனியின் இணையதளத்தில் நிறுவனர் வரலாற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தப் பாகம் செய்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச்சான்று வைத்திருக்கிறார்களா என்ற மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும். பிரேக் பாகம் என்றால், அளவு தவறிய ஒரு துண்டு வெளியே போனால் என்ன ஆகும் என்று யோசித்து வையுங்கள். கேள்வி அங்கிருந்துதான் வரும்.

பதில்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். "வெர்னியர் காலிபரின் லீஸ்ட் கவுண்ட் எவ்வளவு?" என்றால் 0.02 மி.மீ. என்று எல்லோரும் சொல்வார்கள். "எப்படி?" என்றதும் பாதிப்பேர் திணறுவார்கள். மெயின் ஸ்கேலில் 49 மி.மீ. நீளத்தை வெர்னியரில் 50 பிரிவாக்கியிருக்கிறார்கள். ஒரு பிரிவு 0.98 மி.மீ.; ஒரு மில்லிமீட்டருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 0.02. இதைக் கையில் காலிபர் பிடித்திருப்பதுபோல ஒரு நிமிடத்தில் சொல்லி, போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்கள் என்பது காதில் விழும்.

ஒரிஜினல்களைத் தனிக் கவரிலும், கையொப்பமிட்ட நகல்களை இன்னொன்றிலும் வையுங்கள். ஒரிஜினலைக் கேட்டால் காட்டுங்கள். விட்டுவிட்டுப் போகச் சொன்னால் நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.